ஒரு நம்பர் ‘ஸ்பேம்’ ஆவது எப்படி?

ஸ்பேம் அழைப்புகளும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுக்கின்றன. 2024 செப்டம்பர் கடைசியில் ஏர்டெல் நிறுவனம் தன் நெட்வொர்க்கிலேயே ஸ்பேம் அழைப்புகளைக் கண்டறியும் ஏற்பாட்டைத் தொடங்கியது. அடுத்த இரண்டரை மாதத்தில் 800 கோடி அழைப்புகளுக்கு ஸ்பேம் என்று முத்திரை விழுந்ததாக டிசம்பரில் அறிவித்தது. அந்த அறிவிப்பில் இன்னொரு விவரமும் இருந்தது. இந்த அழைப்புகள் காலை 9 மணிக்குத் தொடங்குகின்றன, நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை உச்சத்தில் இருக்கின்றன, ஞாயிறன்று சுமார் 40 சதவீதம் குறைந்துவிடுகின்றன.

அதாவது, இது சம்பளத்துக்கு ஆள் வைத்து, ஷிப்ட் போட்டு நடக்கும் வேலை. ஆபீஸ் நேரத்தில் நடக்கும் எந்த வேலைக்கும் ஒரு தடம் இருக்கும். போனில் மணியடிக்கும்போதே சிவப்பாகத் தெரியும் "Suspected Spam" என்ற வரி அந்தத் தடத்தை வைத்துத்தான் எழுதப்படுகிறது. அழைப்பவர் என்ன பேசப்போகிறார் என்பது அதை எழுதிய கணினிக்குத் தெரியாது. அந்த நம்பர் இதுவரை எப்படி நடந்துகொண்டது என்பது மட்டுமே தெரியும். முத்திரையை எவ்வளவு நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் இந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது.

முதலில், அந்த வரியை எழுதுவது யார்? பலரும் போன்தான் எழுதுகிறது என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஒரே திரையில் மூன்று வெவ்வேறு தரப்பு எழுத முடியும். சிம் கொடுத்த நிறுவனம் அழைப்போடு சேர்த்தே முத்திரையை அனுப்பலாம். இதற்குச் செயலி எதுவும் வேண்டாம். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் டயல் செய்யும் செயலியாகவே இருக்கும் கூகுள் போன் தன் கணக்கை வைத்து எழுதலாம். ட்ரூகாலர் போல நாமாக ஏற்றிக்கொண்ட செயலி மூன்றாவது. மூவரிடமும் இருக்கும் பதிவேடுகள் தனித்தனி. அதனால்தான் ஒரே அழைப்பை ஒன்று ஸ்பேம் என்றும் இன்னொன்று ஏதோ கொரியர் ஆபீஸ் என்றும் காட்டுகிறது. இரண்டில் ஒன்று பழுதாகிவிட்டது என்று பொருளில்லை. இரண்டும் பார்த்த தடயங்கள் வேறு.

சிம் நிறுவனம் எதைப் பார்க்கிறது என்பதில் பெரிய ரகசியம் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2025 பிப்ரவரியில் தன் விதிகளைத் திருத்தியபோது, நிறுவனங்கள் கவனிக்க வேண்டிய அறிகுறிகளை வெளிப்படையாகவே சொன்னது. வழக்கத்துக்கு மீறிய எண்ணிக்கையில் அழைப்புகள், மிகக் குறைந்த நேரமே நீடிக்கும் பேச்சு, போகும் அழைப்புகளோடு ஒப்பிட்டால் வரும் அழைப்புகள் மிகக் குறைவாக இருப்பது ஆகிய மூன்றும் அதில் முக்கியமானவை. தெருமுனையில் நிற்கும் ஒருவருக்கு, வீடு வீடாகக் கதவைத் தட்டிச் செல்கிறவர் என்ன பேசுகிறார் என்று காதில் விழாது. ஆனால் எத்தனை கதவைத் தட்டினார், எத்தனை கதவு திறந்தது, திறந்த கதவு எவ்வளவு சீக்கிரம் மூடியது என்பது கண்ணில் படும். சிம் நிறுவனத்தின் பார்வை அப்படிப்பட்டது.

மூன்று நம்பர்களைக் கற்பனை செய்து பார்த்தால் இது தெளிவாகும். முதல் நம்பர், பர்சனல் லோன் வேண்டுமா என்று கேட்கும் ஒரு சிறிய அலுவலகத்துடையது. ஒரு நாளில் 400 பேருக்குப் போன் போகிறது. அந்த 400 பேரோடும் இந்த நம்பருக்கு இதற்கு முன் எந்தத் தொடர்பும் இல்லை. 250 பேர் எடுக்கவில்லை அல்லது மணியடிக்கும்போதே கட் செய்துவிட்டார்கள். எடுத்தவர்களில் பெரும்பாலானோர் "வேண்டாம்ப்பா" என்று 10, 15 நொடிக்குள் வைத்துவிட்டார்கள். அன்று முழுவதும் அந்த நம்பரைத் தேடி வந்த அழைப்புகள் ஐந்தோ ஆறோதான்.

இரண்டாவது நம்பர், வேளச்சேரிப் பக்கம் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் ஓர் இளைஞருடையது. அவர் 90 பேருக்குப் போன் செய்கிறார். அவர்களும் முன்பின் தெரியாதவர்கள்தான். பேச்சும் குறைவுதான்: "சார், பார்சல் வந்திருக்கு, வீட்ல இருக்கீங்களா?" அத்தோடு முடிந்தது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பார்சலுக்காகக் காத்திருப்பவர்கள் போனை எடுக்கிறார்கள். எடுக்கத் தவறியவர்கள் திரும்பக் கூப்பிடுகிறார்கள். மாலைக்குள் அவருக்கு 25, 30 அழைப்புகளாவது வந்திருக்கும்.

மூன்றாவது, ஒரு பள்ளி எழுத்தருடையது. மழை என்பதால் நாளை விடுமுறை என்று ஒரே மதியத்தில் 300 பெற்றோர்களுக்குச் சொல்கிறார். எண்ணிக்கையைப் பார்த்தால் லோன் அலுவலகத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். பேச்சு நேரமும் அதேபோலக் குறைவு. ஆனால் மிஸ்டு காலைப் பார்த்துவிட்டு 60 பெற்றோர்கள் திரும்ப அழைக்கிறார்கள். அதோடு, போன மாதம் முழுக்க அந்த நம்பர் ஒரு சாதாரண மனிதரின் நம்பராகத்தான் இருந்திருக்கிறது.

எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் கணினி முதலாவதையும் மூன்றாவதையும் ஒன்றாகவே பிடித்துவிடும். பேச்சு நேரத்தை மட்டும் பார்த்தால் மூன்றுமே மாட்டிக்கொள்ளும். திரும்ப வரும் அழைப்புகளையும் பழைய நடத்தையையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் லோன் நம்பர் தனியாக விலகி நிற்கிறது. தேவையில்லாத அழைப்பை யாரும் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். அழைக்கிறவரால் எளிதில் பொய்யாக்க முடியாத அறிகுறி அதுதான். பொய்யாக்க முயல்கிறவர்களும் இல்லாமல் இல்லை. ஒரே இடத்தில் பல சிம்களை மாட்டி மோசடி நடத்தும் கூட்டங்கள், தங்கள் சிம்களுக்குள்ளேயே ஒன்றை ஒன்று அழைத்துக்கொள்ளச் செய்து, சாதாரண மனிதர்கள் பேசிக்கொள்வதுபோலத் தடம் உண்டாக்குவது உண்டு.

400 அழைப்புகளை ஒரே சிம்மில் செய்யாமல் பத்து சிம்மில் 40, 40 ஆகப் பிரித்துவிட்டால் தப்பிக்கலாமே என்று தோன்றும். அங்கே சிம் நிறுவனத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. ஒவ்வொரு கைபேசிக்கும் உள்ள ஐஎம்இஐ எண்ணும், அது இணைந்திருக்கும் டவரும் நெட்வொர்க்குக்குத் தெரியும். பத்து சிம்மும் மாறி மாறி ஒரே கருவியில் ஏறினாலோ, காலை முதல் மாலை வரை ஒரே டவரை விட்டு நகராமல் ஒரே மாதிரி இயங்கினாலோ, பிரித்த கணக்கைத் திரும்பக் கூட்டிவிடலாம். ட்ரூகாலர் போன்ற செயலிக்கு இந்த ஜன்னல் கிடையாது.

செயலிகளின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது: மக்களின் கோபம். 2009-ல் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் தொடங்கிய ட்ரூகாலருக்கு இன்று இந்தியாதான் மிகப் பெரிய சந்தை. அழைப்பு முடிந்ததும் ஒருவர் ‘ஸ்பேம்’ என்று அழுத்தினால், அந்தப் புகார் நம்பரின் கணக்கில் ஏறுகிறது. வேறொருவர் "இன்சூரன்ஸ்" என்று பெயர் எழுதினால் அதுவும் சேர்கிறது. இப்படிச் சேர்ந்த புகார்களோடு அந்த நம்பரின் அழைப்புப் போக்கையும் வைத்துத்தான் அடுத்தவர் திரை சிவப்பாகிறது. எத்தனை புகார் சேர்ந்தால் சிவப்பாகும் என்ற எல்லையைச் செயலிகள் சொல்வதில்லை. சொன்னால், அதற்கு ஒன்று குறைவாக நிறுத்திக்கொண்டு சிம்மை மாற்றிவிடுவார்கள்.

இதனால், "ஸ்பேம்" என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு நகர்வதைவிட, அந்த நம்பரைத் தொட்டு உள்ளே இருக்கும் விவரத்தைப் பார்ப்பது நல்லது. எத்தனை பேர் புகார் செய்தார்கள், அண்மையில் எவ்வளவு அழைப்புகள் போயின, எந்த நேரத்தில் அதிகம் அழைக்கிறது என்பதை ட்ரூகாலர் காட்டும். 4 புகார் உள்ள நம்பரும் 4,000 புகார் உள்ள நம்பரும் வெளியே ஒரே சிவப்பாகத் தெரியலாம். முதலாவது, சில்லறை இல்லை என்று ஆட்டோக்காரரோடு சண்டை போட்டவர்கள் நால்வரின் வேலையாக இருக்கலாம். இரண்டாவதைப் பற்றிச் சந்தேகப்பட இடமே இல்லை.

மணி அடிப்பதற்கும் முத்திரை தோன்றுவதற்கும் இடையில் நடப்பதையும் கொஞ்சம் பார்க்கலாம். ஆண்ட்ராய்டில், நாம் அனுமதி கொடுத்த செயலியிடம் அழைப்பு வரும்போதே போன் நம்பரைச் சொல்லிவிடுகிறது. செயலி முதலில் தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் பட்டியலைப் புரட்டும். அதில் இல்லையென்றால் இணையம் வழியாகத் தன் சர்வரைக் கேட்கும். டேட்டா அணைந்திருந்தாலோ, சிக்னல் மெதுவாக இருந்தாலோ, பதில் வருவதற்குள் நாம் போனை எடுத்துவிடுவோம். அந்த அழைப்புக்கு முத்திரையே தெரியாது. அடுத்த முறை அதே நம்பர் வரும்போது தெரியும். ‘நேற்று நல்ல நம்பராக இருந்தது, இன்று ஸ்பேம் ஆகிவிட்டது’ என்று சிலர் குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐபோன் கதை வேறு. யார் அழைக்கிறார்கள் என்பதை வெளிச் செயலியிடம் சொல்ல ஆப்பிள் நெடுங்காலம் ஒப்புக்கொள்ளவில்லை. 2016-ல் வந்த ஐஓஎஸ் 10 முதல், செயலிகள் ஒரு பட்டியலை முன்கூட்டியே போனிடம் கொடுத்து வைக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையைப் போன் செய்துகொள்ளும். பட்டியல் பழையதானால் முத்திரையும் பழையதுதான். அழைப்பு வரும் அந்தக் கணத்திலேயே மறையாக்கம் செய்த வடிவில் சர்வரைக் கேட்கும் வழியை ஆப்பிள் திறந்துவிட்டது அண்மையில்தான். 2025 ஜனவரியில் ட்ரூகாலர் அதைப் பயன்படுத்தத் தொடங்கியது.

இனி, இந்த முத்திரை எவ்வளவு தவறும் என்ற கேள்விக்கு வரலாம். இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்பது அவசியம். வரும் 1,000 அழைப்புகளில் 60 ஸ்பேம், 940 நல்லவை என்று வைத்துக்கொள்வோம். நம் ஏற்பாடு மிகத் திறமையானது. 60-ல் 54-ஐப் பிடித்துவிடுகிறது. நல்ல அழைப்புகளில் நூற்றுக்கு ஒன்றில் மட்டுமே தவறுகிறது. கேட்க மிகச் சிறிய பிழை. ஆனால் 940-ல் நூற்றுக்கு ஒன்று என்றால் ஒன்பது அழைப்புகள். ஆக மொத்தம் 63 அழைப்புகள் சிவப்பாகத் தெரியும். அவற்றில் ஒன்பது குற்றமற்றவை. ஏழு சிவப்பில் ஒன்று நல்ல மனிதர். நல்ல அழைப்புகள் மிக அதிகமாக இருப்பதால், மிகச் சிறிய பிழையும் இப்படிப் பெருகிவிடுகிறது. வலையை இறுக்கி அந்த ஆறு ஸ்பேமையும் பிடிக்கப் போனால், ஒன்பது பேர் இருபதாகலாம். தளர்த்தினால் மோசடிக்காரர் நுழைவார். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே முடிவு செய்கிறது. "Suspected" என்ற சொல்லை அவர்கள் விடாமல் போடுவதன் காரணம் இதுதான். அது தீர்ப்பு இல்லை, சந்தேகம்.

அந்த ஒன்பது பேர் யார்? வேலை காரணமாகத் தெரியாதவர்களை அழைக்க வேண்டியவர்கள் பெரும்பாலும். டெலிவரி செய்பவர்கள், ஆஸ்பத்திரியில் அப்பாயின்மென்ட் உறுதி செய்பவர்கள், கேஸ் ஏஜென்சி ஊழியர்கள், ரத்ததானத்துக்கு ஆள் தேடும் தன்னார்வலர்கள். இவர்களில் பலருக்குத் தங்கள் நம்பர் மீது முத்திரை விழுந்திருப்பதே தெரியாது. அழைப்பவரின் திரையில் அது வராது, எதிர்முனையில்தான் வரும். கொஞ்ச நாளாக யாருமே போனை எடுப்பதில்லை என்று உணர்ந்தால், வேறு ஒருவரின் போனுக்கு அழைத்துப் பார்ப்பதுதான் கண்டுபிடிக்கும் வழி. அவர் தன் போனில் நம்மைச் சேமித்திருக்கக் கூடாது. சேமித்திருந்தால் அவர் வைத்த பெயர்தான் தெரியும்.

எதுவுமே செய்யாதவர்கள் மீதும் பழி விழுவதுண்டு. இந்தியாவில் துண்டிக்கப்பட்ட மொபைல் நம்பரைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்கு முன் ஒரு மோசடிக்காரர் வைத்திருந்த நம்பர், இன்று ஒரு தையல்கடை அம்மாவின் கைக்கு வரலாம். ஆள் மாறியது சிம் நிறுவனத்துக்குத் தெரியும். செயலியின் பதிவேட்டுக்கு உடனே தெரியாது. பழைய புகார்கள் அந்த நம்பரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். புதியவரின் நல்ல நடத்தை சேர்ந்து, தெரிந்தவர்கள் ‘ஸ்பேம் இல்லை’ என்று பதிவு செய்து, பழைய கறை மெதுவாகத்தான் அழியும்.

நம்பரே பொய்யாக இருந்தால்? வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாக அழைத்துவிட்டு, திரையில் +91-ல் தொடங்கும் இந்திய நம்பர் தெரியும்படி செய்வது மோசடிக் கும்பல்களின் பழைய வித்தை. 2024 அக்டோபரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை இத்தகைய அழைப்புகளைத் தடுக்கும் அமைப்பைத் தொடங்கியபோது, முதல் 24 மணி நேரத்திலேயே சுமார் 1.35 கோடி அழைப்புகள் சிக்கின. அந்த ஒவ்வொன்றிலும் வேறு யாரோ ஒருவரின் நம்பர் முகமூடியாகப் பயன்பட்டிருக்கலாம். ஏமாந்தவர் கோபத்தில் ஸ்பேம் என்று அழுத்தும்போது, அந்தப் பழி முகமூடிக்குச் சொந்தக்காரரின் மேல்தான் விழும்.

ஆனால் தவறாக விழும் முத்திரையைவிட ஆபத்தானது, முத்திரை இல்லாததை நம்புவது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நேற்று வாங்கிய சிம்முக்குக் கடந்தகாலமே கிடையாது. எத்தனை கதவைத் தட்டியது என்று எண்ண இன்னும் ஒன்றும் இல்லை. புகார் செய்ய இன்னும் யாரும் ஏமாறவில்லை. முதல் சில டஜன் பேருக்குப் போகும் அழைப்பு சுத்தமாகத்தான் தெரியும். அவர்கள் புகார் செய்து நம்பர் சிவப்பாகும் நேரத்துக்குள் மோசடிக்காரர் அடுத்த சிம்முக்குத் தாவியிருப்பார். ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டிப் பணம் பறிப்பவர்கள் ஒரு நாளில் 400 பேரை அழைத்து 15 நொடியில் வைப்பதில்லை. ஒருவரைப் பிடித்து மணிக்கணக்கில் பேசுகிறார்கள். எண்ணிக்கை குறைவு, பேச்சு நேரம் மிக நீளம். கணினியின் கண்ணுக்கு அது ஒரு குடும்பத்தார் பேசுவதுபோலத் தெரியும். அந்தப் பேச்சு வாட்ஸ்அப்புக்கு மாறிவிட்டால் சிம் நிறுவனத்தின் முத்திரை அங்கே வரவே வராது.

முத்திரையை விட்டுவிட்டு நம்பரின் தொடக்கத்தைப் பார்ப்பதும் உதவும். பதிவு செய்த விளம்பர நிறுவனங்களுக்கு 140-ல் தொடங்கும் வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. வங்கி, காப்பீடு போன்ற நிதி நிறுவனங்கள் சேவை தொடர்பாக அழைப்பதற்கு 1600-ல் தொடங்கும் வரிசை இருக்கிறது. வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று ஒருவர் சாதாரண பத்து இலக்க மொபைல் நம்பரிலிருந்து ஓடிபி கேட்டால், திரையில் சிவப்பு இல்லாவிட்டாலும் அவர் வங்கிக்காரர் இல்லை. ஓடிபியை எந்த வங்கியும் போனில் கேட்காது.

கடைசியாக, பலருக்குத் தெரியாத ஒன்று. செயலியில் ஸ்பேம் என்று அழுத்துவது அந்தச் செயலியின் பதிவேட்டில் மட்டுமே ஏறும். அதனால் யாருடைய இணைப்பும் துண்டிக்கப்படாது. நடவடிக்கை வேண்டுமானால் 1909-க்கு அழைத்தோ, டிராயின் டிஎன்டி செயலி மூலமோ புகார் செய்ய வேண்டும். 2025 பிப்ரவரித் திருத்தத்துக்குப் பிறகு, அழைப்பு வந்த 7 நாளுக்குள் புகார் செய்யலாம். முன்பு 3 நாள்தான். பதிவு செய்யாமல் விளம்பர அழைப்பு செய்கிறவர் மீது 5 நாளுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். முன்பு 30 நாள். ஏழு நாளில் 10 புகார் வந்தால்தான் நடவடிக்கை என்று இருந்ததை, பத்து நாளில் 5 புகார் என்று தளர்த்தியிருக்கிறார்கள். விளம்பரம் வேண்டாம் என்று முன்கூட்டியே பதிவு செய்யாதவரும் புகார் கொடுக்கலாம். மோசடி என்று சந்தேகம் இருந்தால் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு பிரிவில் தெரிவிக்கலாம். பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும்.

ஆகவே, ஸ்பேம் பட்டனை யார் மேல் அழுத்துகிறோம் என்பதில் கொஞ்சம் கவனம் தேவை. வழி கேட்டு இரண்டு முறை அழைத்துவிட்டார் என்பதற்காக டெலிவரி இளைஞரின் நம்பரில் அதை அழுத்தாதீர்கள். நாளை அவர் அழைக்கும் யாரும் போனை எடுக்க மாட்டார்கள். லோன், பங்குச் சந்தை டிப்ஸ், மனை விற்பனை என்று கேட்காமலே வரும் அழைப்பென்றால் அழுத்துங்கள். அத்தோடு நிறுத்தாமல், நம்பரையும் தேதியையும் குறித்துக்கொண்டு 1909-லும் ஒரு புகாரைப் பதிவு செய்யுங்கள். உங்களுடையது அந்த ஐந்தாவது புகாராக இருக்கலாம்.